ஹெல்மெட் அமுக்கிய முடியைப் படத்தில் எழுப்புவது

தமிழ்நாட்டில் 2015 ஜூலை 1 முதல் இரு சக்கர வாகன ஓட்டிகள் ஹெல்மெட் அணிவதைக் கட்டாயமாக்கி உத்தரவு வந்தது. உயிரைக் காக்கும் அந்த உத்தரவால் போட்டோ ஸ்டுடியோக்காரர்களுக்கும் ஒரு வேலை கூடியது. வாடிக்கையாளர் வண்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி உள்ளே வருகிறார். சட்டை கசங்கவில்லை, முகத்தில் சோர்வும் இல்லை. ஆனால் தலைமுடி மட்டும் உச்சியில் சப்பையாகப் படிந்து, காதுக்கு மேலே இரண்டு பக்கமும் இறக்கை விரித்தது போல நிற்கிறது. கண்ணாடி முன் நின்று சீப்பால் நாலு இழுப்பு இழுக்கிறார். முடி அசைந்து கொடுப்பதில்லை. "பரவாயில்லண்ணே, எடுங்க. அப்புறம் கம்ப்யூட்டர்ல சரி பண்ணிக்கலாம்ல?" என்று உட்கார்ந்துவிடுகிறார்.

சரி பண்ணலாம். ஆனால் தலைமுடி டச்சப் வேலையிலேயே கடினமான பகுதி. முகத்தில் ஒரு பருவை எடுப்பதற்கு அரை நிமிடம் போதும். அமுங்கிய முடியை எழுப்பி, இழை இழையாக மறுபடி வரைந்து, பார்ப்பவர் யாருக்கும் சந்தேகம் வராமல் முடிப்பதற்குப் பழகிய கைக்கே ஒரு மணி நேரம் ஆகும். பலர் இதில் தோற்பதற்குக் காரணம் கைத்திறன் குறைவு அல்ல, வரிசை பிசகுவதுதான். முதலில் இழைகளை வரைய ஆரம்பித்துவிடுகிறார்கள். முடியின் மொத்த உருவத்தை எழுப்பி, அதன் மேல் விழும் வெளிச்சத்தைத் திருத்தி, கடைசியில்தான் இழைக்கு வர வேண்டும்.

ஹெல்மெட் முடியை என்ன செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். முடி கெராட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரதச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் பிணைப்புகளில் ஒரு வகை உறுதியானது, எளிதில் அறுபடாது. மற்றொரு வகையான ஹைட்ரஜன் பிணைப்பு தண்ணீர் பட்டாலே தளர்ந்துவிடும், காய்ந்தால் மறுபடி சேர்ந்துகொள்ளும். ஹெல்மெட்டுக்குள் தலை வியர்க்கிறது. ஈரத்தில் பிணைப்புகள் தளர்கின்றன. உள்ளே இருக்கும் மெத்தை, முடியை வேரோடு சாய்த்து அழுத்திக்கொண்டே இருக்கிறது. ஈரம் வற்றும்போது முடி எந்த நிலையில் சாய்ந்திருக்கிறதோ அந்த நிலையிலேயே பிணைப்புகள் மறுபடி பூட்டிக்கொள்கின்றன. உலர்ந்த சீப்பால் எவ்வளவு வாரினாலும் முடி எழாததற்கு இதுதான் காரணம். தண்ணீர் தொட்டு வேரை நனைத்து, எதிர்த் திசையில் விரலால் கோதியபடி காய வைத்தால் ஐந்தே நிமிடத்தில் பெரும்பகுதி சரியாகிவிடும். ஹேர் டிரையர் இருக்கும் ஸ்டுடியோவில் அதைச் செய்யாமல் படம் எடுப்பது, பிறகு கணினி முன் ஒரு மணி நேரம் உட்காரச் சம்மதிப்பதற்குச் சமம்.

இந்த விவரம் டச்சப் செய்பவருக்கும் தேவைப்படுகிறது. முடி வேரில் சாய்ந்திருக்கிறது, நுனியில் அல்ல. எனவே படத்திலும் வேரிலிருந்துதான் அதை எழுப்ப வேண்டும். நுனியை மட்டும் மேலே இழுத்தால் தொப்பி வைத்தது போல ஒரு கவிழ்ந்த கிண்ணம்தான் கிடைக்கும்.

நெகட்டிவ் காலத்தில் இந்த வேலையை யாரும் இப்படிக் கேட்டிருக்க முடியாது. அப்போதும் டச்சப் உண்டு. சாய்வு மேசையில் கண்ணாடிக்கு மேல் நெகட்டிவை வைத்து, அடியிலிருந்து வெளிச்சம் வர, ஊசி போலச் சீவிய பென்சிலால் அதன் மேல் நுணுக்கமாகக் கோடிடுவார்கள். நெகட்டிவில் கருப்பு கூடினால் பிரிண்ட்டில் வெளுப்பு கூடும். ஆகவே பென்சிலால் சுருக்கத்தை மறைக்கலாம், கண்ணுக்குக் கீழுள்ள நிழலைக் குறைக்கலாம், முடியில் ஒரு மினுக்கைச் சேர்க்கலாம். கருப்பு முடி ஒன்றைப் புதிதாகச் சேர்க்க வேண்டுமானால் பென்சில் பயன்படாது. கூரான கத்தியால் நெகட்டிவின் பூச்சைச் சுரண்ட வேண்டும், அல்லது பிரிண்ட் எடுத்த பிறகு அதன் மேல் மெல்லிய தூரிகையால் தீட்ட வேண்டும். கத்தி ஒரு முறை வழுக்கினால் நெகட்டிவ் போயிற்று. முடியின் உருவத்தையே நகர்த்துவது என்பது அந்தக் காலத்தில் ஆகாத காரியம். ஃபோட்டோஷாப் 1990இல் வந்தது. படத்தின் ஒரு பகுதியைக் களிமண் போலத் தள்ளவும் இழுக்கவும் உதவும் Liquify என்ற கருவி அதில் 2000ஆம் ஆண்டு வெளியான ஆறாம் பதிப்பில் சேர்ந்தது. முடியை எழுப்பும் வேலை சாதாரண ஸ்டுடியோ வரைக்கும் வந்தது அதற்குப் பிறகுதான்.

ஒரு படத்தை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்க்கலாம். முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர், கம்பெனி வலைத்தளத்தில் போடுவதற்காக மார்பளவுப் படம் எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் வகிடு, உச்சியில் ஐந்து சென்டிமீட்டர் நீள முடி, பக்கங்களில் குட்டையாக வெட்டியது. சாம்பல் நிறத் திரை. கேமரா 24 மெகாபிக்சல். நெட்டுவாக்கில் 4000க்கு 6000 பிக்சல். இதில் தாடையிலிருந்து முடியின் உச்சி வரை ஏறத்தாழ 1500 பிக்சல் வருகிறது.

எவ்வளவு எழுப்புவது? இதைக் கண் மதிப்பில் விட்டால் எல்லோரும் அதிகமாகத்தான் எழுப்புவார்கள். அதனால் அனுபவசாலிகள் முதலில் கேட்பது ஒரு பழைய படத்தை. செல்போனில் எடுத்தது போதும். ஹெல்மெட் போடாத நாளில், கேமரா ஏறக்குறைய இதே உயரத்தில் இருக்க, நேராகப் பார்த்தபடி எடுத்ததாக இருக்க வேண்டும். அதில் கண்ணிலிருந்து தாடைக்கு உள்ள தூரத்தையும், கண்ணிலிருந்து முடியின் உச்சிக்கு உள்ள தூரத்தையும் அளக்கிறார்கள். நம் உதாரணக்காரரின் பழைய படத்தில் மேல் தூரம், கீழ்த் தூரத்தைப் போல 1.15 மடங்கு. புதிய படத்தில் 1.02 மடங்குதான். புதிய படத்தில் கண்ணிலிருந்து தாடைக்கு 740 பிக்சல். அதை 1.15ஆல் பெருக்கினால் 851. இப்போது இருப்பது 755. அப்படியானால் உச்சி ஏற வேண்டிய உயரம் சுமார் 96 பிக்சல். இந்தப் படத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு ஆறரை பிக்சல் வருவதால், உண்மைத் தலையில் அது ஒன்றரை சென்டிமீட்டர். ஹெல்மெட் திருடிக்கொண்ட உயரம் அவ்வளவுதான். தலை சற்றே குனிந்திருந்தாலோ கேமரா மேலிருந்து பார்த்திருந்தாலோ இந்தக் கணக்கு தவறிவிடும் என்பதால், படத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும்.

வேலை தொடங்குவது உச்சியில் அல்ல, பக்கங்களில். ஹெல்மெட்டின் விளிம்பு முடிகிற இடத்தில், காதுக்கு மேலே, முடி பிதுங்கி நிற்கிறது. உச்சி தட்டையாகத் தெரிவதில் பாதி இந்தப் பிதுக்கத்தால் வரும் தோற்றம். படத்தை ஒரு பிரதி எடுத்து, அதாவது Ctrl+J அழுத்தி, அந்தப் பிரதியில் Liquify திறந்து, இரு பக்கத்தையும் தலா இருபத்தைந்து முப்பது பிக்சல் உள்ளே தள்ளினாலே முகம் சட்டென்று தன் அளவுக்கு வந்துவிடுகிறது. இதைச் செய்த பிறகு உச்சியைப் பார்த்தால், நினைத்த அளவுக்கு எழுப்பத் தேவையில்லை என்று தோன்றும். பல படங்களில் அந்த எண்ணம் சரியாகவே இருக்கிறது. நம் உதாரணத்தில் 96 பிக்சல் என்று கணக்கு வந்தாலும், மொத்த உருவத்தை 70 பிக்சல் எழுப்பி, மீதியைப் பின்னால் வரையப்போகும் கற்றைகளுக்கும் தனி இழைகளுக்கும் விட்டுவைப்பது நல்லது. இயல்பான முடியின் மேல் விளிம்பு மதில் சுவர் போல ஒரே கோடாக இருப்பதில்லை.

உச்சியைத் தொடுவதற்கு முன் முகத்தைப் பூட்ட வேண்டும். Liquify சன்னலில் Freeze Mask என்ற கருவி இருக்கிறது. அதனால் தீட்டிய இடம் சிவப்பாகத் தெரியும், அந்த இடம் நகராது. முகம், காது, நெற்றி, முக்கியமாக நெற்றியில் முடி ஆரம்பிக்கும் கோடு, எல்லாவற்றையும் பூட்டிவிட வேண்டும். இதை மறந்து முடியை மேலே தள்ளியவரின் படத்தை உடனே கண்டுபிடித்துவிடலாம். முடியோடு சேர்ந்து நெற்றியும் நீண்டிருக்கும். வாடிக்கையாளருக்கு என்ன தவறு என்று சொல்லத் தெரியாது, ஆனால் படம் தன்னைப் போல இல்லை என்பது மட்டும் தெரியும்.

பிறகு Forward Warp கருவி. தூரிகையின் அளவு பெரியதாக, 500 முதல் 600 பிக்சல் வரை, அழுத்தம் 20லிருந்து 30க்குள். இந்தத் தலையின் அகலமே ஆயிரம் பிக்சல் என்பதால், தூரிகை தலையில் பாதியை மூடும். சிறிய தூரிகையால் பலமாக இழுத்தால் கொம்பு முளைத்தது போல மேடு பள்ளமாகிவிடும். பெரிய தூரிகையால் மெதுவாக, பல தடவை, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள வேண்டும். தள்ளும் திசை நேர் மேலே அல்ல. வகிட்டிலிருந்து முடி எந்தப் பக்கம் விழுகிறதோ, பின்னந்தலைச் சுழியிலிருந்து எந்தப் பக்கம் திரும்புகிறதோ, அதைப் பின்பற்றி, மேலும் வெளியுமாகச் சாய்த்துத் தள்ள வேண்டும். இடப்பக்க வகிடு என்றால் வலப்பக்க மேடு உயரமாகவும் இடப்பக்கம் தாழ்வாகவும் இருப்பதே இயல்பு. இரண்டு பக்கமும் சமமாக உயர்ந்தால் விக் வைத்தது போலாகும்.

இங்கே இரண்டு இடத்தில் கோளாறு வரலாம். முடியைத் தள்ளும்போது அதை ஒட்டிய பின்னணியும் சேர்ந்து நகரும். சாம்பல் திரையில் அது தெரியாது. ஆனால் பின்னால் சன்னல் கம்பியோ, செங்கல் சுவரோ, கதவு நிலையோ இருந்தால் அவை வளைந்து காட்டிக்கொடுத்துவிடும். அப்படிப்பட்ட படத்தில் தலையைத் தனியாக வெட்டி எடுத்து, பின்னணியில் அது இருந்த இடத்தை நிரப்பிவிட்டு, பிறகு எழுப்பிய தலையை மேலே வைக்க வேண்டும். இரண்டாவது கோளாறு, இழைகள் தடித்துப்போவது. ரப்பரை இழுப்பது போலத்தான் இந்தக் கருவி படத்தை இழுக்கிறது. 70 பிக்சல் நீட்டிய இடத்தில் இழைகள் மங்கி, பூசினாற்போலத் தெரியும். இதைத் தவிர்க்க முடியாது. அடுத்த கட்டத்தில் அதன் மேல் நல்ல முடியைப் போட்டு மூடத்தான் வேண்டும்.

நல்ல முடிக்கு எங்கே போவது? அதே தலைக்குத்தான். ஹெல்மெட் எல்லா இடத்தையும் ஒரே மாதிரி அமுக்குவதில்லை. முன்நெற்றிக்கு மேலே ஒரு கொத்தோ, வகிட்டுக்குப் பக்கத்தில் ஒரு வளைவோ பெரும்பாலும் தப்பியிருக்கும். அந்தக் கற்றையை லாசோ கருவியால், ஓரம் மென்மையாக இருக்கும்படி ஐந்தாறு பிக்சல் மங்கலோடு சுற்றி எடுத்து, தனி அடுக்காக்கி, Ctrl+T கொடுத்துத் திருப்பி, வளைத்து, மங்கிய இடத்தின் மேல் வைக்கிறார்கள். ஒரே கற்றையை மூன்று இடத்தில் வைத்தால் கண் பிடித்துவிடும். எனவே ஒவ்வொரு தடவையும் அளவையும் வளைவையும் மாற்ற வேண்டும். கண்ணாடி பிம்பம் போலத் திருப்பிப் போடும்போது இன்னொரு ஆபத்து இருக்கிறது. ஸ்டுடியோ விளக்கு இடப்பக்க மேலிருந்து வந்திருந்தால், இடப்பக்கக் கற்றையில் மினுக்கு இடப்புறம் இருக்கும். அதைத் திருப்பி வலப்பக்கம் வைத்தால் மினுக்கு வலப்புறம் போய்விடும். அந்தத் தலைக்கு இரண்டு சூரியன் உதித்துவிடும்.

இப்போது வெளிச்சம். டச்சப் வேலையில் பலர் தாண்டிப் போவது இந்தக் கட்டத்தைத்தான், ஆனால் முடி எழுந்ததா இல்லையா என்பதைப் பார்ப்பவரின் கண்ணுக்குச் சொல்வது உயரத்தைவிட வெளிச்சம்தான். படிந்த முடி ஒரு தட்டையான பரப்பு. அதன் மேல் விழும் விளக்கொளி அகலமான வெள்ளைப் பட்டையாகத் திரும்புகிறது. எழுந்து நிற்கும் முடியில் அந்தப் பட்டை சிதறிப்போய், கற்றைக்குக் கற்றை விட்டுவிட்டு மின்னும். வேர்ப் பகுதி நிழலில் இருண்டிருக்கும். உயரத்தை மட்டும் கூட்டி, வெள்ளைப் பட்டையை அப்படியே விட்டால், எழுப்பிய முடி மெழுகு தடவிய உருண்டை போலத் தெரியும். அதைத் திருத்த ஒரு Curves அடுக்கைப் போட்டு, மொத்தப் படத்தையும் சற்று இருட்டாக்கி, அதன் முகமூடியைக் கருப்பாக்கி மறைத்துவிட்டு, வெள்ளைத் தூரிகையால் வேண்டிய இடத்தில் மட்டும் திறந்துவிடுகிறார்கள். தூரிகையின் Flow ஐந்திலிருந்து பத்து சதவீதத்துக்குள். வெள்ளைப் பட்டைக்குக் குறுக்கே, முடி ஓடும் திசையிலேயே, இடைவெளி விட்டு மெல்லிய கோடுகளாகத் தீட்டினால் பட்டை துண்டு துண்டாக உடைகிறது. வேர்களில் இன்னும் கொஞ்சம் இருள். விளக்குப் பக்கத்துக் கற்றைகளின் வளைவில் மட்டும், வெளுப்பாக்கும் வேறொரு Curves அடுக்கால் சிறிதளவு ஒளி. ஹெல்மெட்டின் பட்டை பதிந்த மடிப்பும், காதைச் சுற்றி ஓடும் அந்தக் கோடும் இதே முறையில்தான் மறையும். அது உண்மையில் ஒரு கருப்புக் கோடும் அதை ஒட்டிய வெள்ளைக் கோடும்தான். கருப்பை ஏற்றி, வெள்ளையை இறக்கினால் மடிப்பு நிரவிவிடும்.

இதற்குப் பிறகுதான் இழை. இதில் இறங்கும் முன் ஒரு சின்னக் கணக்கு, பல பிழைகளைத் தடுக்கும். மனிதத் தலைமுடியின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது, பொதுவாக 0.07 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். நம் படத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு ஆறரை பிக்சல். பெருக்கிப் பார்த்தால் ஒரு தனி முடி அரைப் பிக்சல்கூட இல்லை. படத்தில் நாம் முடி என்று பார்ப்பவை எல்லாம் நாலைந்து முடிகள் சேர்ந்து ஒட்டிய இழைகள். தனி முடி இருந்தால் அது பாதி மங்கிய நூலாகத்தான் பதிவாகியிருக்கும். ஆகவே எல்லா இடத்திலும் மூன்று பிக்சலில் கன்னங்கரேல் என்று கோடு போட்டால் அது மின்சாரக் கம்பிதான், முடி அல்ல. கற்றைக்குள்ளே இருக்கும் இழைகளுக்கு மூன்று முதல் ஆறு பிக்சல், விளிம்பில் தனித்துப் பறக்கும் முடிக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை பிக்சல், அதுவும் பாதி அடர்த்தியில். படம் பெரியதோ சிறியதோ, இந்தக் கணக்கை அந்தப் படத்துக்கு ஒரு தடவை போட்டுவிட்டால் தூரிகை அளவு தானாகக் கிடைத்துவிடும்.

நிறத்தை மனத்திலிருந்து எடுக்கக் கூடாது, படத்திலிருந்தே எடுக்க வேண்டும். தூரிகையைப் பிடித்தபடி Alt அழுத்திக் கிளிக் செய்தால் அந்த இடத்து நிறம் வந்துவிடும். நம் ஊர் முடி கருப்புதான், ஆனால் ஸ்டுடியோ விளக்கில் அதில் முழுக் கருப்பு கிட்டத்தட்ட இருப்பதே இல்லை. நிழலில் கருமையான பழுப்பு, நடுவில் சாம்பல் கலந்த பழுப்பு, மினுக்கில் வெளிர்நீலச் சாயல் என்று மூன்று நிறம் எடுத்தால் போதும். முழுக் கருப்பில் வரைந்த இழை பிரிண்ட்டில் ஓட்டை போலத் தெரியும். முதலில் கருமை, அதன் மேல் நடு நிறம், கடைசியில் மிகச் சில இடத்தில் மட்டும் மினுக்கு.

ஒவ்வொரு கோடும் வேர்ப் பக்கத்தில், முடித் திரளுக்குள்ளே தொடங்கி வெளியே முடிய வேண்டும். தொடக்கத்தில் தடித்து, நுனியில் கரைய வேண்டும். டிஜிட்டல் பேனா வைத்திருப்பவருக்குக் கையழுத்தமே அதைச் செய்துவிடும். மவுஸ் மட்டும் இருப்பவருக்கும் வழி உண்டு. Pen கருவியால் வளைவை ஒரு பாதையாக வரைந்து, Stroke Path கொடுக்கும்போது Simulate Pressure என்ற கட்டத்தை டிக் செய்தால், அழுத்திப் பிடித்து விடுவித்தது போல இரு முனையும் மெலிந்த கோடு கிடைக்கும். தூரிகை அமைப்பில் Shape Dynamics என்பதன் கீழ் அளவு பேனா அழுத்தத்தைப் பின்பற்றும்படி வைத்திருந்தால்தான் இது வேலை செய்யும். வேர் முனையும் மெலிந்துவிடுகிறதே என்றால், அந்த முனையைத் திரளுக்குள் மறைத்துவிட்டால் போதும்.

கோடுகளைச் சம இடைவெளியில் இணையாகப் போட்டால் சீப்பு வரைந்தது போலாகிவிடும். முடிகள் வேரில் பிரிந்தும் நுனியில் கூடியும் நிற்கும். மூன்று நான்கு கோடுகள் ஒரே நுனியை நோக்கிச் சாய வேண்டும், அடுத்த கொத்து வேறு நுனிக்குப் போக வேண்டும், நடுவில் ஒன்றிரண்டு மட்டும் திசை மாறிக் குறுக்கே ஓட வேண்டும். தேர்ந்தவர்கள் கையாளும் இன்னொரு வழியும் உண்டு. முடியின் நிறத்தில் மட்டுமல்ல, பின்னணியின் நிறத்திலும் கோடு போடுகிறார்கள். சாம்பல் திரையின் நிறத்தை எடுத்து, விளிம்பிலிருந்து திரளுக்குள் இரண்டு பிக்சல் கோடுகளாகக் கீறினால், அழுத்தமாக நின்ற விளிம்பு பிரிந்து, கற்றைகளுக்கிடையே காற்று புகுந்தது போலாகிறது. இருபது கருப்பு இழை செய்யாததை ஐந்து சாம்பல் கீறல் செய்துவிடும்.

வரைந்து முடித்ததும் படம் இன்னும் ஏதோ உறுத்தும். கேமரா எடுத்த முடியில் நுண்ணிய புள்ளிச் சிதறல் இருக்கும், கையால் வரைந்ததில் இருக்காது. மேலும், கேமரா கண்ணைக் குறிவைத்து ஃபோகஸ் செய்திருக்கிறது. உச்சி முடி கண்ணுக்குச் சில சென்டிமீட்டர் பின்னால் இருப்பதால் அது இயல்பாகவே சற்று மென்மையாகப் பதிந்திருக்கும். வரைந்த இழை மட்டும் கத்தி போலக் கூர்மையாக இருந்தால் ஒட்டாது. வரைந்த அடுக்குக்கு அரைப் பிக்சல் அளவுக்கு Gaussian Blur கொடுத்து, ஒன்றிரண்டு சதவீதம் Noise சேர்த்தால் இரண்டும் கலந்துவிடும்.

சரிபார்ப்பதற்கு மூன்று வழிகள் உண்டு. படத்தை இடம் வலமாகத் திருப்பிப் பார்ப்பது. நெடுநேரம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்போதுதான் கோணல் தெரியும். வலைத்தளத்தில் வரப்போகும் அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பது. அந்த அளவில் தெரியாத இழைக்காக அரை மணி நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. மூன்றாவது, தற்காலிகமாக ஒரு Curves அடுக்கைப் போட்டு முடிப் பகுதியை நன்றாக வெளுப்பாக்கிப் பார்ப்பது. கருமைக்குள் மறைந்திருந்த ஒட்டு, திட்டு, திரும்பத் திரும்ப வந்த கற்றை எல்லாம் அதில் வெளியே வந்துவிடும். வாடிக்கையாளரின் செல்போன் திரை ஸ்டுடியோ மானிட்டரைவிட வெளிச்சமாக இருக்கக்கூடும் என்பதால் இந்த மூன்றாவது சோதனையைத் தவிர்க்கக் கூடாது.

தொப்பி வைத்த தலைக்கும் முறை இதேதான், தழும்பு மட்டும் வேறு. கிரிக்கெட் தொப்பியும் பட்டமளிப்பு விழாத் தொப்பியும் உச்சியைவிட நெற்றி ஓரத்தில் அதிகம் பிடிக்கின்றன. அங்கே முன்முடி நெற்றியோடு ஒட்டி, அதற்கு மேலே சுற்றிலும் ஒரு வாய்க்கால் போலப் பதிந்திருக்கும், தோலில் சிவப்புக் கோடும் இருக்கும். அதில் எழுப்பும் வேலை குறைவு, வெளிச்சத்தை நிரவும் வேலை அதிகம்.

ஸ்கூட்டியில் வரும் பெண்களின் படத்தில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். எண்ணெய் தேய்த்து, நடு வகிடு எடுத்து, படிய வாரிப் பின்னிய தலை உச்சியில் தட்டையாகத்தான் இருக்கும். அது ஹெல்மெட் செய்த வேலை அல்ல, அவர் வீட்டில் கண்ணாடி முன் நின்று செய்துகொண்ட வேலை. விளம்பரப் படங்களைப் பார்த்துப் பழகிய கை, அதையும் எழுப்பிப் புசுபுசுவென்று ஆக்கிவிடத் துடிக்கும். அப்படி ஆக்கினால் அது அவருடைய படமாக இருக்காது. முடி உதிர்ந்து உச்சி தெரிபவர் படத்திலும் இதே கவனம் வேண்டும். அமுங்கியதால் மண்டைத்தோல் தெரிகிறதா, உண்மையிலேயே முடி குறைவா என்பதைப் பழைய படம் சொல்லும். ஹெல்மெட் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கலாம். காலம் எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதா வேண்டாமா என்பதை அவரிடம் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

எந்தப் படத்தில் இதைச் செய்யவே கூடாது என்பதும் ஸ்டுடியோக்காரர் அறிந்திருக்க வேண்டியது. பாஸ்போர்ட், விசா போன்ற அடையாளப் படங்களில் தோற்றத்தை மாற்றும் திருத்தம் கூடாது. அமெரிக்க விசா விதிகள் கணினியில் தோற்றத்தை மாற்றிய படத்தை ஏற்பதில்லை என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. அங்கே ஒரே வழி, தலையை நனைத்து, காய வைத்து, மறுபடி எடுப்பது. செய்திப் படங்களிலும் கூடாது. 2006இல் லெபனான் போர்ப் படம் ஒன்றில் புகையைக் கணினியில் கூட்டிக் காட்டிய படக்கலைஞரின் உறவை ராய்ட்டர்ஸ் முறித்துக்கொண்டது, அவருடைய எல்லாப் படங்களையும் விற்பனையிலிருந்து எடுத்தது. புகைக்குப் பொருந்தும் விதி முடிக்கும் பொருந்தும். கம்பெனி வலைத்தளம், திருமண அழைப்பிதழ், வீட்டுச் சுவரில் மாட்டும் படம் போன்றவற்றுக்குத் தடை எதுவும் இல்லை.

படம் எடுக்கப் போகிறவர்கள் இரண்டு காரியம் செய்தால் ஸ்டுடியோக்காரரின் வேலை பாதியாகும், படமும் உங்கள் முகமாகவே இருக்கும். வண்டியை நிறுத்தியதும் கொஞ்சம் தண்ணீர் தொட்டு வேரை நனைத்துக் கோதிவிட்டு, காயும்வரை பொறுத்திருங்கள். ஹெல்மெட் போடாத நாளில் நேராக எடுத்த ஒரு படத்தைச் செல்போனில் வைத்திருந்து, திருத்தம் கேட்கும்போது அதையும் சேர்த்துக் கொடுங்கள்.